மதுரையிலிருந்து ஐஸ்வாலுக்கு: எந்த வழியில் பறப்பது?

மிசோரம் தலைநகர் ஐஸ்வாலில் வங்கிப் பணியில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். சொந்த ஊர் மதுரைக்குப் பக்கம் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்த நாட்டின் தென்கோடிக்கும் வடகிழக்கு மூலைக்கும் இடையே பறந்திருக்கிறேன். இப்போதும் வடகிழக்குக்கு மாற்றல் ஆணை வாங்கிய வங்கி ஊழியர்களும், கேந்திரிய வித்யாலயா ஆசிரியர்களும், எல்லைப் படையில் பிள்ளையை வைத்திருக்கும் பெற்றோரும் என்னிடம் வழி கேட்கிறார்கள். பெரும்பாலோர் முதலில் கேட்பது, "எத்தனை இடத்தில் விமானம் மாற வேண்டும்?" என்பதுதான். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறொன்று: "அந்த இடத்தில் விமானத்தைத் தவறவிட்டால், அடுத்த விமானம் எப்போது?"

முதல் பயணத்தில் இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால் மூன்று நாள் போனது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் டிக்கெட் தேடும் திரையில் தொடங்குவோம்.

திரையில் தெரியும் சொற்களைப் படிப்பது

டிக்கெட் தேடும் தளத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் கீழே "Non-stop" என்றோ "1 stop", "2 stops" என்றோ போட்டிருக்கும். "Non-stop" என்றால் ஏறிய இடத்திலிருந்து எங்கும் தரையிறங்காமல் போவது; அதில் குழப்பமில்லை. "1 stop" என்பதற்குள்தான் மூன்று வெவ்வேறு பயணங்கள் ஒளிந்திருக்கின்றன.

முதல் வகையில் விமானம் வழியில் ஓர் ஊரில் இறங்கிச் சிலரை இறக்கிவிட்டு, சிலரை ஏற்றிக்கொண்டு மேலே போகும். பஸ் நடுவில் ஒரு நிலையத்துக்குள் போய் வருவதைப் போல. 2023 அக்டோபரில் சேலம் விமான நிலையம் மீண்டும் இயங்கத் தொடங்கியபோது வந்த பெங்களூரு–சேலம்–கொச்சி விமானம் இப்படிப்பட்டது. பெங்களூரில் ஏறிய கொச்சிப் பயணி சேலத்தில் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. ஊழியர்கள் வந்து, மேலே இருக்கும் பைகளில் எது உங்களுடையது என்று அடையாளம் காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். இங்கே நீங்கள் இழப்பது ஏறத்தாழ அரை மணி முதல் முக்கால் மணி நேரம். இணைப்பைத் தவறவிடும் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் நீங்கள் உட்கார்ந்திருப்பதுதான் அந்த விமானம்.

இரண்டாவது வகையில் விமானம் மாற வேண்டும். ஆனால் ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். எண். மூன்றாவது வகையிலும் விமானம் மாற வேண்டும். ஆனால் தளம் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளை ஒட்டவைத்து ஒன்றுபோல் காட்டியிருக்கும். பணம் கட்டிய பிறகு வரும் உறுதிச் செய்தியில் இரண்டு பி.என்.ஆர். எண்கள் இருந்தால் அது மூன்றாவது வகை. பணம் கட்டுமுன்பே கண்டுபிடிக்க வேண்டுமானால் விவரப் பகுதியைத் திறந்து, இரண்டு கட்டங்களும் ஒரே விமான நிறுவனமா, நடுவில் பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்கச் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு சொல்லிலும் ஏமாற வேண்டாம். பேச்சில் நாம் "நேரடி விமானம்" என்று சொல்லும்போது எங்கும் நிற்காத விமானத்தை நினைக்கிறோம். விமானத் தொழிலில் ஒரே விமான எண்ணில் போவதெல்லாம் நேரடி விமானம்தான். அது வழியில் ஓரிடத்தில் இறங்கலாம். முகவரிடம் கேட்கும்போது "எங்கும் இறங்காமல் போகுமா?" என்றே கேளுங்கள்.

வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பாருங்கள்

மதுரையிலிருந்து ஐஸ்வாலுக்கு நேர்கோடு போட்டால் ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். மதுரை–சென்னை சுமார் 420, சென்னை–கொல்கத்தா சுமார் 1,390, கொல்கத்தா–ஐஸ்வால் சுமார் 445. கூட்டினால் 2,255 கிலோமீட்டர். இரண்டு இடங்களில் விமானம் மாறியும் நேர்கோட்டைவிட ஐம்பது, அறுபது கிலோமீட்டர்தான் அதிகம். சென்னையும் கொல்கத்தாவும் போகும் வழியிலேயே இருக்கின்றன.

தில்லி வழியாகப் பாருங்கள். மதுரை–தில்லி மட்டுமே ஏறத்தாழ 2,090 கிலோமீட்டர். அங்கிருந்து ஐஸ்வாலுக்கு இன்னொரு 1,630. மொத்தம் 3,700க்கு மேல். திரையில் இது "1 stop" என்று வரக்கூடும். சென்னை, கொல்கத்தா வழி "2 stops" என்று வரும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர் தில்லியைத் தேர்ந்தெடுத்து, 1,500 கிலோமீட்டர் வீணாகச் சுற்றி, பல நேரம் தில்லியில் ஒரு இரவும் தங்கிப் போவார். போகும் வழியில் இருக்கும் ஊரில் இறங்குவது உங்களுக்குத் தூரத்தைக் கூட்டுவதில்லை. வழியை விட்டு விலகிய ஊரில் ஒருமுறை இறங்கினாலும் கூட்டுகிறது.

இருந்தாலும் ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு விலை உண்டு. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறுவது, இறங்குவது எல்லாமே குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தைத்தான் எடுக்கும். அதனால்தான் 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சென்னைக்குக்கூட அட்டவணையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கிறார்கள். குறுகிய தூரங்களில் பெரும்பாலும் ஓடும் ஏ.டி.ஆர். விமானம் விசிறி வைத்தது. மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம். கொல்கத்தாவுக்குப் பறக்கும் ஏர்பஸ் அதைவிட மணிக்கு 300 கிலோமீட்டராவது வேகம் அதிகம். ஆகவே வழியோரமாக மூன்று தாவல்களில் போகும்போது பறக்கும் நேரம் மட்டும் ஐந்து மணியைத் தொடும், காத்திருப்பு தனி.

"அடுத்தது எப்போது?"

இப்போது ஒவ்வொரு மாறும் இடத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் கொல்கத்தா விமானத்தைத் தவறவிட்டால் அன்றைக்கே இன்னொன்று இருக்கும். பெருநகரங்களுக்கு இடையே நாள் முழுவதும் விமானங்கள் ஓடுகின்றன. கொல்கத்தாவில் ஐஸ்வால் விமானத்தைத் தவறவிட்டால்? அந்த ஊருக்கு ஒரு நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் விமானங்கள். அதுவும் பகலில்தான். டிசம்பரில் மதுரையில் மாலை ஆறு மணி வரை வெளிச்சம் இருக்கும்போது ஐஸ்வாலில் நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். நாடு முழுவதற்கும் ஒரே கடிகாரம் என்பதால் வரும் வேறுபாடு இது. தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் நம்பவே முடியாது. எனவே பிற்பகல் விமானம் போய்விட்டால் அன்றைய கதை முடிந்தது. மறுநாள் விமானம் நிரம்பியிருந்தால் அதற்கு மறுநாள்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளிமையானது. பயணத்தில் நீங்கள் ஒதுக்கும் உபரி நேரத்தை எல்லா இடத்திலும் சமமாகப் பங்கிட வேண்டாம். சிறிய ஊருக்குப் போகும் கடைசித் தாவலுக்கு முன்னால் மொத்தத்தையும் வையுங்கள். சென்னையில் ஒன்றேகால் மணி நேரம் இருந்தாலும் தாங்கும். கொல்கத்தாவில் மூன்று மணி நேரம் வேண்டும்.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். அரிதான விமானம் முதலிலேயே வந்துவிடுகிறது. ஐஸ்வாலில் மூன்று மணி நேரம் தாமதமானாலும் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு வேறு விமானம் இருக்கும், அன்றைய கடைசி விமானத்தில் முன்பதிவு செய்யாதவரை. அதனால் திரும்பும் பயணத்தில் கொல்கத்தாவில் மாலை ஐந்து மணி வாக்கில் கிளம்பும் விமானத்தை எடுப்பேன். இரவு விமானங்கள் எனக்குக் காப்பாக இருக்கும்.

ஒரே டிக்கெட்டா, தனித்தனி டிக்கெட்டா?

பணத்தை மிச்சப்படுத்துகிறோம் என்று பலரும் தடுமாறும் இடம் இது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரே பி.என்.ஆரில் எடுத்தால் உங்களைக் கடைசி ஊர் வரை சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அவர்கள் அடுத்த விமானத்தில் இடம் தர வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஒரே டிக்கெட்டில் இருக்கும் இணைப்பு விமானத்தைப் பற்றி விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் பயணியர் விதிகளிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. பனி, புயல் போன்ற காரணங்களுக்கு இழப்பீட்டுப் பணம் கிடைக்காது. ஆனாலும் மாற்று விமானம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பெட்டியும் மதுரையிலேயே ஐஸ்வாலுக்கு ஒப்படைக்கப்படும்; கொல்கத்தாவில் அதைத் தேட வேண்டியதில்லை.

தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி. காரணம் எதுவானாலும் டிக்கெட் போனது போனதுதான். அது மட்டுமல்ல, கொல்கத்தாவில் பெட்டி வரும்வரை காத்திருந்து, வெளியே வந்து, மேல் தளத்துக்கு ஏறி, மீண்டும் வரிசையில் நின்று ஒப்படைக்க வேண்டும். உள்நாட்டு விமானங்களில் பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுகிறார்கள். அட்டவணையில் இரண்டு மணி நேர இடைவெளி தெரிந்தாலும் உண்மையில் உங்கள் கையில் இருப்பது ஒரு மணி நேரம். அதில் அரை மணி பெட்டிக்குப் போய்விடும். விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் தனியாக வசூலிப்பார்கள்.

எதை எடுப்பது என்று தீர்மானிக்க நான் ஒரு சிறு கணக்கு போடுவேன். தனித்தனியாக எடுத்தால் 1,800 ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி விமானம் தவறினால் புதிய டிக்கெட் 6,500, கொல்கத்தாவில் அறை, சாப்பாடு 2,500, ஆக 9,000 ரூபாய் போகும். 1,800ஐ 9,000ஆல் வகுத்தால் ஐந்தில் ஒன்று. ஐந்து பயணத்தில் ஒருமுறைக்கும் குறைவாகத்தான் தவறும் என்று நம்ப இடமிருந்தால் தனித்தனி டிக்கெட் உங்களுக்கு இலாபம். கொல்கத்தாவில் ஐந்து மணி நேர இடைவெளியுடன், பிப்ரவரி மாதத் தெளிந்த வானத்தில் பயணம் என்றால் நான் தயங்காமல் தனித்தனியாக எடுப்பேன். டிசம்பர் கடைசி வாரம், ஒன்றரை மணி நேர இடைவெளி என்றால் மாட்டேன். பணியில் சேரும் நாள், தேர்வு, திருமணம் என்றால் இந்தக் கணக்கையே போட மாட்டேன்; அங்கே இழப்பை ரூபாயில் எழுத முடியாது.

என் முதல் பயணத்தில் நான் செய்தது இதற்கு நேர் எதிர். டிசம்பர் மாதம், தனித்தனி டிக்கெட், கொல்கத்தாவில் இரண்டு மணி நேரம். சென்னையில் நான் ஏற வேண்டிய விமானம் வடக்கே ஓர் ஊரில் மூடுபனியில் சிக்கி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. சென்னையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. விமானம் ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவே இல்லை. கொல்கத்தாவில் பெட்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது ஐஸ்வால் விமானம் மேலே ஏறிவிட்டது. மறுநாள் விமானம் நிரம்பிவிட்டது. கடைசியில் பக்கத்து அசாமில் இருக்கும் சில்சாருக்கு ஒரு டிக்கெட் வாங்கி, அங்கிருந்து சுமோவில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் மலைப்பாதையில் போய், மூன்றாம் நாள் இரவு ஐஸ்வாலில் இறங்கினேன். கிளை மேலாளர் கோபித்துக்கொள்ளவில்லை. அங்கே எல்லோருக்கும் இது பழகிய கதை. எனக்குத்தான் பழகவில்லை.

முதல் கட்டத்தைத் தவிர்க்கக் கூடாது

ஒரே டிக்கெட்டில் ஒரு கண்ணி உண்டு. மதுரை–சென்னை–கொல்கத்தா–ஐஸ்வால் என்று டிக்கெட் எடுத்துவிட்டு, "சென்னையில் அக்கா வீட்டுக்கு முதல் நாளே ரயிலில் போய்விடுகிறேன், அங்கிருந்து ஏறிக்கொள்கிறேன்" என்று நினைத்தால், சென்னையில் உங்களை ஏற்ற மாட்டார்கள். முதல் கட்டத்துக்கு வராதவரின் மீதிக் கட்டங்களும் தானாகவே ரத்தாகும். ரயிலில் நடுவழியில் ஏறும் நிலையத்தை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. என்னுடன் பணியாற்றிய ஒருவர் சென்னைக் கவுன்ட்டரில் நின்றுதான் தெரிந்துகொண்டார். திட்டம் மாறினால் முன்கூட்டியே நிறுவனத்தைத் தொடர்புகொண்டு டிக்கெட்டை மாற்றுங்கள். மாற்றுக் கட்டணம் கசக்கும், ஆனால் டிக்கெட் உயிரோடு இருக்கும்.

ஒரு பயணத்தை முழுதாகத் திட்டமிடுவோம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஐஸ்வாலில் ஒருவர் பணியில் சேர வேண்டும், டிசம்பர் மாதம், மதுரையிலிருந்து கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கீழே வரும் நேரங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. உண்மையான அட்டவணை ஆண்டுக்கு இருமுறை, மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் மாறும்.

தளம் முதலில் காட்டும் அழகான பயணம் இது: ஞாயிறு காலை 6.50க்கு மதுரை, 8.10க்குச் சென்னை, 9.30க்குக் கிளம்பி 11.55க்குக் கொல்கத்தா, 1.10க்குக் கிளம்பி 2.30க்கு ஐஸ்வால். ஏழு மணி நாற்பது நிமிடம், ஒரே டிக்கெட். தாளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மதுரைக்கு வரும் விமானம் பெரும்பாலும் வேறோர் ஊரிலிருந்துதான் வந்து திரும்ப வேண்டும். அது அங்கே கிளம்பினால்தான் நீங்கள் இங்கே கிளம்ப முடியும். அந்தத் தாமதம் சென்னையின் 80 நிமிடத்தைத் தின்னும். மிச்சம் கொல்கத்தாவின் 75 நிமிடத்தைத் தின்னும். விமானம் தவறினால் நிறுவனம் உங்களைத் திங்கட்கிழமை ஏற்றும். டிக்கெட்டுக்குப் பழுதில்லை, பணியில் சேரும் நாள் மட்டும் போய்விடும்.

தில்லி வழிப் பயணம் ஞாயிறு பிற்பகல் கிளம்பி, இரவு தில்லியில் கழித்து, திங்கள் காலை ஐஸ்வாலுக்குப் போகும். டிசம்பர், ஜனவரியில் தில்லியின் அதிகாலைப் பனி நாடறிந்தது. இதைத் தள்ளிவிடலாம்.

நான் சொல்லும் வழி இது. வெள்ளி இரவு பாண்டியன் போன்ற ரயிலில் மதுரையில் ஏறி, சனி அதிகாலை தாம்பரத்தில் இறங்கிவிடுங்கள். மின்சார ரயிலில் திரிசூலம் நிலையம் சில நிமிடம்தான். விமான நிலையம் அதற்கு நேர் எதிரே. சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு இரண்டு முனையங்கள் இருப்பதால் டிக்கெட்டில் எந்த எண் போட்டிருக்கிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சென்னை–கொல்கத்தா–ஐஸ்வால் ஒரே டிக்கெட். காலை எட்டு மணி வாக்கில் கிளம்பும் விமானம், கொல்கத்தாவில் மூன்று மணி நேர இடைவெளி. எல்லாம் சரியாக நடந்தால் சனி பிற்பகலே ஐஸ்வாலில் இருப்பீர்கள். நடக்காவிட்டால் ஞாயிறு என்ற ஒரு முழு நாள் கையிருப்பில் இருக்கிறது. மதுரை–சென்னை விமானத்தை ரயிலாக மாற்றியதால் ஒரு விமானமும், அதனுடன் வரும் ஒரு தாமதமும் பயணத்திலிருந்து கழன்றுவிடுகின்றன. இரவுத் தூக்கத்திலேயே அந்தத் தூரம் கடந்துவிடுகிறது. ரயிலும் தாமதமாகும்தான். ஆனால் அது ஐந்து மணிக்கு வந்தாலும் ஆறு மணிக்கு வந்தாலும் எட்டு மணி விமானத்துக்கு நேரம் இருக்கும்.

வயதானவர்கள், கைக்குழந்தையுடன் போகிறவர்கள் என்றால் கொல்கத்தாவில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலை விமானத்தில் போவதுதான் நல்லது. விமான நிலையத்தின் ஒன்றாம் எண் வாயில் பக்கம் நடுத்தர விலையில் விடுதிகள் உண்டு. அப்படித் தங்கும்போது டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுப்பதில் ஆபத்து குறைவு. இரவே உங்கள் இடைவெளி ஆகிவிடுகிறது.

பருவமும் வேளையும்

எந்த மாதம் எந்த வேளை பொல்லாதது என்று தெரிந்தால் பாதித் திட்டம் முடிந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னைக்குப் புயல் பயம்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. டிசம்பர், ஜனவரி காலைகளில் கொல்கத்தாவில் மூடுபனி. பத்து மணிக்கு மேல் பெரும்பாலும் விலகும். ஏப்ரல், மே மாதங்களில் அங்கே பிற்பகலிலும் மாலையிலும் இடியும் சூறைக்காற்றும் திடீரென்று வரும். வங்காளிகள் அதைக் கால்பைசாகி என்பார்கள். ஆகவே கோடையில் காலை வேளையும், குளிர்காலத்தில் முற்பகலும் கொல்கத்தாவில் நல்லவை.

ஐஸ்வாலின் விமான நிலையம் லெங்புய் என்ற இடத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு மேட்டை வெட்டிச் சமப்படுத்திய தளத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்துவிட்டால் விமானி ஓடுபாதையைப் பார்க்க முடியாமல் திரும்பிவிடுவார். மேலே ஒருமுறை வட்டமடித்து, மறுபடியும் கொல்கத்தாவிலேயே இறங்கிய அனுபவம் எனக்கு உண்டு. பயணிகள் சலித்துக்கொள்வார்கள், எனக்கு அந்த விமானிமீது மரியாதைதான் வந்தது. அப்படித் திரும்பினால் உடனே கவுன்ட்டருக்குப் போய் அடுத்த விமானத்தில் இடம் கேளுங்கள். அது தள்ளிப்போனால் சில்சாருக்கு மாற்றித்தரக் கேட்டுப் பாருங்கள், அங்கிருந்து சுமோ. 2025 செப்டம்பரில் ஐஸ்வாலுக்கு அருகே சாய்ராங் வரை ரயில் பாதை திறக்கப்பட்டுவிட்டதால் குவாஹாத்தி வழியாக ரயிலிலும் போகலாம். என் காலத்தில் இந்த வசதி இல்லை.

கிளம்பும் நாளில்

முதல் நாள் இரவே உங்கள் விமானம் எங்கிருந்து வருகிறது என்று விமானத் தடம் காட்டும் செயலிகளில் பாருங்கள். ஒரே விமானம் காலையிலிருந்து ஐந்தாறு ஊர்களுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். காலையில் ஏற்பட்ட அரை மணித் தாமதம் மாலைக்குள் ஒன்றரை மணி ஆகிவிடும். நாளின் முதல் விமானங்கள் நேரத்துக்குக் கிளம்பும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

பெட்டியை ஒப்படைத்ததும் அதில் கட்டும் சீட்டைப் படியுங்கள். கடைசி ஊரின் குறி `AJL` என்று இருக்க வேண்டும். `CCU` மட்டும் இருந்தால் பெட்டி கொல்கத்தாவோடு நின்றுவிடும். கவுன்ட்டரை விட்டு நகராமல் அங்கேயே கேளுங்கள். இரண்டு கட்டங்களுக்கும் தனித்தனி ஏறும் அட்டை உண்டு, இருக்கை எண்ணும் மாறும், இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவான சலுகை பெட்டிக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோ. ஏ.டி.ஆர். விமானத்தில் மேலே இருக்கும் அடுக்கு சிறியது. சக்கரம் வைத்த கைப்பெட்டியைப் படிக்கட்டிலேயே வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள். அதனால் மருந்து, சான்றிதழ், பவர் பேங்க், ஒரு மாற்றுடை ஆகியவை தோளில் மாட்டும் சின்னப் பையில் இருக்கட்டும்.

மிசோரத்துக்குள் நுழைய வெளிமாநிலத்தவருக்கு உள்நுழைவு அனுமதிச் சீட்டு தேவை. லெங்புய் விமான நிலையத்தில் இறங்கியதும் தற்காலிகச் சீட்டு தருகிறார்கள். அடையாள அட்டை நகலும் புகைப்படமும் கையில் இருந்தால் வரிசை சீக்கிரம் நகரும். சில்சார் வழியாகச் சாலையில் போக நேர்ந்தால் வைரெங்டே சோதனைச் சாவடியில் இதையே கேட்பார்கள். எனவே திட்டத்தில் சாலைவழி இல்லாவிட்டாலும் கொல்கத்தாவில் உள்ள மிசோரம் இல்லத்திலோ இணையத்திலோ சீட்டை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

லெங்புய்யிலிருந்து ஊருக்கு 32 கிலோமீட்டர் மலைப்பாதை. பகிர்ந்து போகும் வண்டிகள் விமானம் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கும். கடைசி விமானத்தில் வந்திருந்தால் அனுமதிச் சீட்டு வரிசையில் முன்னால் நில்லுங்கள். வண்டிகள் நிரம்பியதும் கிளம்பிவிடும், அதற்குள் இருட்டியிருக்கும்.